ஊசி போட்டுக்கொண்டு லாரி ஓட்டலாமா?



நாமக்கல் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். கணவர் முட்டை லாரி டிரைவர், கேரளா லைன். பல வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிட்டவர். மாத்திரைக்குக் கட்டுப்படாமல் போகவே, டாக்டர் இப்போது காலையும் மாலையும் இன்சுலின் ஊசி எழுதிக் கொடுத்திருக்கிறார். "ஓனருக்கு இன்னும் சொல்லலைங்க. சொன்னா வண்டியை விட்டு இறக்கிருவார்னு பயப்படுறார். சொல்லாம ஓட்டறதை நினைச்சா ராத்திரி எனக்குத் தூக்கமே வர்றதில்லைங்க" என்கிறார்.

இந்தக் கவலை ஒரு வீட்டோடு நிற்பதா? ஸ்கூல் வேன் ஓட்டுபவர், கால் டாக்ஸி ஓட்டுபவர், ஆம்னி பஸ் டிரைவர் என்று எத்தனை வீடுகளில் ஃப்ரிட்ஜின் முட்டைத் தட்டுக்குப் பக்கத்தில் இன்சுலின் பாட்டில் யாருக்கும் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறது! அதனால் அவருக்கு எழுத நினைத்த பதிலை இங்கேயே எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

முதலில் நேரடியான பதில். இன்சுலின் போட்டுக்கொள்ளும் பெரும்பாலானவர்கள் வண்டி ஓட்டலாம். ஆனால் சர்க்கரை பார்க்கும் மீட்டர் இல்லாமல் ஓட்டக் கூடாது, மறைத்து ஓட்டக் கூடாது. ஏன் என்று சொல்கிறேன்.

டிரைவருக்கு ஆபத்து ஊசியால் அல்ல, சர்க்கரை சட்டென்று இறங்குவதால்தான். 'லோ ஆயிடுச்சு' என்று நாம் சொல்வது அதைத்தான். பொதுவாக 70-க்குக் கீழே போனால் லோ. உடம்பு முதலில் எச்சரிக்கை கொடுக்கும். வியர்க்கும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், பசி கிள்ளும். அப்போதும் கவனிக்காவிட்டால் அடுத்ததாக மூளை தடுமாறும். கண் மங்கும், காரணமில்லாமல் எரிச்சல் வரும், பிரேக்கில் கால் போக ஒரு கணம் தாமதமாகும். அதற்கும் மேலே போனால் மயக்கம்.

இதில் லாரி டிரைவருக்கு என்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. கேபினில் எப்போதும் சூடு, அதனால் வியர்வை அவருக்குப் புதிதில்லை. நடுராத்திரியில் பசிப்பதும் கொட்டாவி வருவதும் அவருக்குத் தினசரி விஷயம். லோ சுகரின் அறிகுறிகள் அத்தனையும் ராத்திரி டிரைவிங்கின் சாதாரண அலுப்பு மாதிரியே இருக்கும். 'தூக்கக் கலக்கம், ஒரு டீ போட்டா சரியாயிடும்' என்று அவர் நினைத்துக்கொண்டே இருக்கும்போது சர்க்கரை 60-க்கு வந்திருக்கும். அதனால்தான் சொல்கிறேன், டிரைவருக்கு உடம்பு சொல்லும் சேதி போதாது. மீட்டர் சொல்ல வேண்டும்.

சில மாத்திரைகள் அந்த எச்சரிக்கையையே அமுக்கிவிடும். பிரஷருக்கும் படபடப்புக்கும் கொடுக்கும் அட்டெனலால், புரோப்ரனலால் போன்றவை நெஞ்சுப் படபடப்பையும் கை நடுக்கத்தையும் குறைத்துவிடும். வியர்வை மட்டும் மிஞ்சும். சேலம்-கொச்சி நெடுஞ்சாலையில் மே மாத ராத்திரி ஒன்றில் வியர்ப்பதை யார் நோயாக நினைப்பார்கள்? இந்த மாத்திரை சாப்பிடுகிறவர் டிரைவர் என்பது டாக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பல நேரம் டாக்டர் 'என்ன வேலை?' என்று கேட்பதில்லை. நாமாகத்தான் சொல்ல வேண்டும்.

சகோதரியின் கணவர் போட்டுக்கொள்வது 30/70 கலவை இன்சுலின். பாட்டிலைக் குலுக்காமல், உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டி, வெண்மை சீராகக் கலந்த பிறகு எடுப்பார்களே, அதேதான். நம் ஊரில் மிக அதிகமாகப் புழங்குவது இது. இதில் 30 பங்கு சீக்கிரம் வேலை செய்யும் இன்சுலின். போட்ட அரை மணியில் ஆரம்பித்து, இரண்டிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் வேகம் பிடிக்கும். அதனால்தான் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போடச் சொல்கிறார்கள். மீதி 70 பங்கு மெதுவானது. ஏறக்குறைய நான்காவது மணியிலிருந்து பத்தாவது மணி வரை அதன் வேலை உச்சத்தில் இருக்கும்.

இப்போது கடிகாரத்தைப் பாருங்கள். மாலை 7 மணிக்கு ஊசி, 7.30-க்குச் சாப்பாடு. மெதுவான பங்கு தன் முழு வேகத்தைக் காட்டுவது ராத்திரி 11-லிருந்து விடிகாலை 5 வரை. வீட்டில் படுத்துத் தூங்குகிறவருக்காக எழுதப்பட்ட கணக்கு இது. நம் டிரைவரோ அந்த நேரத்தில் பெருந்துறையிலிருந்து வாளையாறு வரை ஸ்டீயரிங் பிடித்துக்கொண்டு போகிறார். சாப்பிட்டு ஆறு மணி நேரமாகிறது. நடுவில் தார்ப்பாய் கட்ட ஏறி இறங்கிய வேலை வேறு.

டாக்டருக்கு இந்த விவரம் தெரிந்தால் மருந்தையே மாற்ற வழி இருக்கிறது. மாலை ஊசியின் அளவைக் குறைக்கலாம். நாள் முழுவதும் ஏற்ற இறக்கம் அதிகமில்லாமல் வேலை செய்யும் நீண்ட நேர இன்சுலினுக்கு மாற்றலாம். ராத்திரி டிரிப் உள்ள நாளுக்கு ஒரு அளவு, வீட்டில் இருக்கும் நாளுக்கு ஒரு அளவு என்று எழுதித் தரலாம். இதையெல்லாம் டிரைவர் தானாக முடிவு செய்யக் கூடாது. ஆனால் 'நான் ராத்திரி 10-க்கு வண்டி எடுத்து காலை 5-க்கு இறக்குறேன் டாக்டர்' என்ற ஒரு வரியை அவர்தான் சொல்லியாக வேண்டும்.

சரி, மீட்டரில் எப்போது பார்ப்பது? எத்தனை முறை?

இதற்கு நம் நாட்டில் டிரைவர்களுக்கென்று தெளிவான விதி இல்லை. அதனால் பிரிட்டன் நாட்டு விதியைச் சொல்கிறேன். அங்கே இன்சுலின் போடுகிறவர்களுக்குப் பெரிய லாரி, பஸ் லைசென்ஸ் பொதுவாகக் கிடையாது என்றுதான் இருந்தது. 2011 நவம்பரிலிருந்து, நிபந்தனைகளோடு கொடுக்க ஆரம்பித்தார்கள். வண்டி எடுப்பதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் ஒருமுறை ரத்தச் சர்க்கரை பார்க்க வேண்டும். ஓட்டும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். ஓட்டாத நாளிலும் தினம் இரண்டு தடவையாவது பார்க்க வேண்டும். பார்த்ததெல்லாம் மீட்டரின் நினைவில் பதிவாகியிருக்க வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை ஒரு சர்க்கரை நோய் நிபுணர் அந்தப் பதிவுகளை எடுத்துப் பார்ப்பார்.

நம் மீட்டர் கணக்கில் சொன்னால், 90-க்கு மேலே இருந்தால் ஓட்டலாம். 90-ஓ அதற்குச் சற்றுக் கீழோ இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். 70-ஐ ஒட்டி வந்துவிட்டால் வண்டியைத் தொடக் கூடாது.

ஒரு ராத்திரியை எடுத்துக்கொள்வோம். இந்த எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை. பார்த்ததை நோட்டில் எழுதினால் எப்படி இருக்கும் என்று காட்டத்தான்.

ராத்திரி 9.45, ஷெட்டில் லோடு ஏறிவிட்டது. மீட்டர் 168 காட்டுகிறது. கிளம்பலாம். திருச்செங்கோடு, ஈரோடு தாண்டி பெருந்துறை வரும்போது 11.45. ஓரம் கட்டிப் பார்த்தால் 121.

121 நல்ல எண்தானே, போகலாமே என்று தோன்றும். இங்கேதான் நிதானம் வேண்டும். ஒற்றை எண்ணைப் பார்க்காதீர்கள், இரண்டு எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டு மணி நேரத்தில் 47 இறங்கியிருக்கிறது. மெதுவான இன்சுலினின் பெரிய வேலை இனிமேல்தான். இதே வேகத்தில் போனால் அடுத்த நிறுத்தத்தில் 74-இல் நிற்கும். அதுவும் கோவை பைபாஸில், கண்டெய்னர்களுக்கு நடுவே. அதனால் பெருந்துறையிலேயே இரண்டு இட்லியோ ஒரு சப்பாத்தியோ சாப்பிட்டுவிட வேண்டும். அப்படிச் சாப்பிட்டுவிட்டு, 1.45-க்கு மதுக்கரை பக்கம் பார்த்தால் 134. இப்போது வாளையாறு தாண்டலாம். அங்கே செக்போஸ்ட்டில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? 3.45-க்கு மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டு, திருச்சூர் இறக்கத்துக்குப் போகலாம்.

ஒரு ராத்திரிக்கு நான்கு ஸ்ட்ரிப். ஒவ்வொரு தடவையும் ஐந்து நிமிடம். டயர் தட்டிப் பார்க்கவும் கயிறு இறுக்கவும் டிரைவர்கள் எப்படியும் நிறுத்துகிறார்கள். அந்த நிறுத்தத்திலேயே இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

விரலைக் குத்துவதற்கு முன் வெறும் தண்ணீரில் கை கழுவித் துடைத்துவிடுங்கள். பழம் உரித்த கை, கடலை மிட்டாய் தொட்ட கை, குளுக்கோஸ் பவுடர் ஒட்டிய கை எல்லாம் மீட்டரை ஏமாற்றும். உண்மையில் 68 இருக்கும், மீட்டர் 140 காட்டும். டிரைவரும் நிம்மதியாக வண்டி எடுத்துவிடுவார்.

ஒரு ராத்திரி அந்த எண் 62 என்று வந்துவிட்டால்? அல்லது ஓடும்போதே கை நடுங்கினால்? பாதுகாப்பாக ஓரம் கட்டி, எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, டிரைவர் சீட்டை விட்டு இறங்கி அந்தப் பக்கம் உட்கார வேண்டும். சாவியை எடுப்பதும் இடம் மாறுவதும் சடங்கில்லை. சர்க்கரை இறங்கிய மூளைக்கு 'சரியாயிட்டேன், கிளம்பலாம்' என்று சீக்கிரமே தோன்றிவிடும். அந்த நினைப்பை நம்ப முடியாது என்பதால்தான் இந்த ஏற்பாடு.

பிறகு 15 கிராம் அளவுக்குக் குளுக்கோஸ். மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கலக்கிக் குடித்தால் போதும். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். இன்னும் 70-க்கு மேல் வரவில்லையென்றால் இன்னொரு மூன்று ஸ்பூன். ஏறிய பிறகு பிஸ்கட்டோ பழமோ சாப்பிட வேண்டும், இல்லையென்றால் மறுபடி இறங்கும்.

குளுக்கோஸ் பவுடர் என்று நான் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சர்க்கரைத் தண்ணீரும் வேலை செய்யும்தான். ஆனால் நம் ஊரில் பலருக்கு ஊசியோடு வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் மாத்திரையும் எழுதியிருப்பார்கள். சாதாரணச் சர்க்கரையைக் குடல் உடைத்து உறிஞ்சுவதை இந்த மாத்திரைகள் தாமதப்படுத்தும். அவசரத்துக்கு நாலு மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு காத்திருந்தால் சர்க்கரை சீக்கிரம் ஏறாது. குளுக்கோஸை உடைக்க வேண்டியதில்லை, நேராக ஏறிவிடும். சாக்லேட்டும் க்ரீம் பிஸ்கட்டும் இந்த நேரத்துக்கு ஆகாது. கொழுப்பு சேர்ந்திருப்பதால் மெதுவாகத்தான் ஏறும்.

மீட்டர் 100-ஐத் தாண்டிவிட்டால் உடனே கிளம்பலாமா? கூடாது. சர்க்கரை சரியான பிறகும் மூளை பழைய வேகத்துக்கு வர நேரம் எடுக்கும். சர்க்கரை சரியாகி 45 நிமிடம் ஆன பிறகுதான் ஓட்ட வேண்டும் என்கிறது பிரிட்டன் விதி. எனக்கு இந்த 45 நிமிடம் மிக முக்கியமாகத் தோன்றுகிறது. ஏனென்றால் நம் டிரைவர்கள் தவற விடுவது இதைத்தான். லோடு லேட்டாகிறது, ஓனர் போன் அடிக்கிறார், கை நடுக்கமும் நின்றுவிட்டது. அப்புறம் என்ன என்று ஏறி உட்கார்ந்துவிடுவார்கள். ஓனருக்கு விஷயம் தெரிந்திருந்தால் அந்தப் போனை எடுத்து, 'லோ ஆயிருச்சுங்க, முக்கால் மணி நேரம் நின்னு வர்றேன்' என்று சொல்லிவிடலாம். தெரியாதபோது பஞ்சர் என்று பொய் சொல்ல வேண்டும், அல்லது ஏறி ஓட்ட வேண்டும்.

கிளீனர் கூட வருகிறார் என்றால் அவருக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள். ஒரு எச்சரிக்கையோடு. நினைவில்லாதவர் வாயில் தண்ணீரையோ குளுக்கோஸையோ ஊற்றக் கூடாது. மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிட வேண்டும். டிரைவரின் சட்டைப் பையில் 'எனக்குச் சர்க்கரை நோய், இன்சுலின் போடுகிறேன்' என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதிய ஒரு அட்டை இருக்கட்டும். லோ ஆனவர் உளறுவார், தள்ளாடுவார், முறைப்பார். பார்க்கிறவர்கள் குடித்திருக்கிறார் என்று முடிவு கட்டிவிடுவார்கள். குளுக்கோஸ் கொடுக்க வேண்டிய நேரத்தில் அடி விழும்.

இன்னொரு விஷயம், இது வீட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது. லோ ஆகிவிடுமே என்ற பயத்தில் ராத்திரி டிரிப் நாளில் ஊசியையே விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அன்றைக்கு லோ ஆகாது, உண்மைதான். ஆனால் சர்க்கரை 300, 350 என்று ஏறும். அரை மணிக்கு ஒருமுறை சிறுநீர், நாக்கு வறட்சி, கண் மங்கல், அசதி. வருடக்கணக்கில் இப்படிப் போனால் விழித்திரையும் பாத உணர்ச்சியும் போகும். பிரேக்கை மிதிக்கும் காலில் உணர்ச்சி குறைந்தவர் எப்படி வண்டி ஓட்டுவார்? ஊசியை விடுவது தீர்வில்லை. டாக்டரிடம் அளவை மாற்றிக் கேட்பதுதான் தீர்வு.

ஊசி ஆரம்பித்த புதிதில் இன்னொன்றும் நடக்கும். அதிகமாக இருந்த சர்க்கரை வேகமாகக் குறையும்போது கண் லென்ஸின் நீர் அளவு மாறி, சில வாரங்களுக்குப் பார்வை மங்கலாகத் தெரியலாம். பயப்பட வேண்டாம், தானாகச் சரியாகும். புதுக் கண்ணாடி வாங்கவும் அவசரப்பட வேண்டாம். ஆனால் அந்த வாரங்களில் ராத்திரி வண்டி வேண்டாம்.

சிரிஞ்ச் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அரசு மருத்துவமனையில் கிடைக்கும் பாட்டில் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். பேனாவில் வருவது ஒரு மில்லிக்கு 100 யூனிட். பேனா வீட்டில் மறந்துபோய், கடையில் கார்ட்ரிட்ஜ் வாங்கி அதிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்துப் போட்டால், 16 யூனிட் என்று நினைத்து 40 யூனிட் உள்ளே போய்விடும். வழியில், அவசரத்தில், தெரியாத மருந்துக் கடையில் வாங்கும்போது நடக்கக்கூடிய தவறு இது. டிரைவர் தன் பாட்டிலில் எழுதியிருக்கும் எண்ணையும் சிரிஞ்சின் மூடி நிறத்தையும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்.

இன்சுலினை டேஷ்போர்டில் வைக்கக் கூடாது என்பது உங்களுக்கே தெரியும். ஸ்ட்ரிப் டப்பாவையும் வைக்கக் கூடாது என்பது பலருக்குத் தெரியாது. இரண்டுமே 30 டிகிரிக்கு மேல் கெட ஆரம்பிக்கும். கெட்ட ஸ்ட்ரிப் தப்பான எண்ணைக் காட்டும். சீட்டுக்குப் பின்னால், வெயில் படாத இடத்தில், ஈரத்துணி சுற்றிய மண்கலயத்துக்குள் டப்பாவோடு வைத்தால் நன்றாகவே தாங்கும்.

இப்போது ஓனர் விஷயத்துக்கு வருகிறேன்.

அதற்கு முன் ஒன்று. எல்லோரும் ஓட்டலாம் என்று நான் சொல்ல மாட்டேன். கடந்த ஒரு வருடத்தில் லோ ஆகி, இன்னொருவர் வந்து காப்பாற்ற வேண்டிய நிலைக்குப் போனவர், டாக்டர் பார்த்துச் சரி என்று சொல்லும் வரை வண்டி எடுக்கக் கூடாது. சர்க்கரை 60-க்குக் கீழே போயும் உடம்பில் எதுவும் தெரியாதவரும் எடுக்கக் கூடாது. அடிக்கடி லோ ஆகிறவர்களுக்கு இப்படி எச்சரிக்கை மழுங்கிப்போகும். பல வாரம் லோ ஆகாமல் பார்த்துக்கொண்டால் பலருக்குத் திரும்பவும் வரும். அதுவரை பொறுக்க வேண்டும். விழித்திரையில் ரத்தக்குழாய் பாதிப்பு முற்றியவரும் அப்படியே.

நம் சட்டம் என்ன சொல்கிறது? லைசென்ஸுக்கான படிவம் 1-இல் சர்க்கரை நோய் என்று கேள்வி இல்லை. ஆனால் வலிப்போ, எந்தக் காரணத்தாலாவது திடீர் மயக்கமோ தலைசுற்றலோ வருமா என்ற கேள்வி இருக்கிறது. லோ ஆகி மயங்கி விழுந்தவர் அதற்கு 'இல்லை' என்று எழுதினால் அது பொய். மோட்டார் வாகனச் சட்டத்தின் 186-ஆம் பிரிவு, பிறருக்கு ஆபத்தாக முடியக்கூடிய நோய் தனக்கு இருப்பது தெரிந்தே ஓட்டுவதைக் குற்றம் என்கிறது. அபராதம் முதல் தடவை 1,000 ரூபாய் வரை. தொகை சின்னதுதான். ஆனால் 'தெரிந்தே' என்ற சொல், விபத்து ஒன்று நடந்த பிறகு டிரைவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். சொன்னதற்காக வேலையை விட்டு நிறுத்தினால் தடுக்க வலுவான பாதுகாப்பு கையில் இல்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் பட்டியலில் உள்ள 21 வகைகளில் சர்க்கரை நோய் இல்லை. அதனால் சகோதரியின் கணவர் பயப்படுவதை நான் தவறென்று சொல்ல மாட்டேன். மாதத் தவணையும் பிள்ளைகளின் ஃபீஸும் கட்டுகிறவருக்கு அந்தப் பயம் வரத்தான் செய்யும்.

அதனால் என் யோசனை, வெறுங்கையோடு போய்ச் சொல்ல வேண்டாம். நோட்டோடு போய்ச் சொல்லுங்கள்.

இதை அமெரிக்காவிலிருந்து எடுத்துச் சொல்கிறேன். அங்கே மாநிலம் விட்டு மாநிலம் ஓடும் லாரிகளை இன்சுலின் போடுகிறவர்கள் ஓட்டவே கூடாது என்று பல பத்தாண்டுகள் விதி இருந்தது. 2003-இல் தனித்தனி விலக்கு கொடுக்க ஆரம்பித்து, 2018 நவம்பரில் விதியையே மாற்றினார்கள். இப்போது டிரைவர் குறைந்தது மூன்று மாத மீட்டர் பதிவுகளைத் தனக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரிடம் காட்ட வேண்டும். டாக்டர் அதைப் பார்த்து, இன்சுலின் அளவு நிலையாக இருக்கிறது, சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தால், ஒரு வருடம் வரை சான்றிதழ். மோசமான லோ ஒன்று வந்தால் ஓட்டுவதை நிறுத்தி, டாக்டர் மறுபடி பார்த்த பிறகுதான். பல பத்தாண்டுகள் 'முடியாது' என்றிருந்ததை 'முடியும்' என்று மாற்றியதில் இந்த மூன்று மாதப் பதிவுக்குப் பெரிய இடம் உண்டு.

நம் சகோதரியின் கணவரும் இதையே செய்யலாம். ஊசி இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது. அளவு நிலைப்படும் வரை ராத்திரி லைனை விட்டு, பகல் லோக்கல் டிரிப் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். இதைக் கேட்கவே ஓனரிடம் விஷயத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும், முதல் வாரத்திலேயே. "அண்ணே, எனக்கு ஊசி ஆரம்பிச்சிருக்காங்க. மூணு மாசம் பகல் வண்டி குடுங்க. தினமும் பார்த்து எழுதறேன். மூணு மாசம் கழிச்சு டாக்டர் லெட்டரோட நோட்டைக் கொண்டாந்து காட்டறேன். அப்புறம் நீங்க முடிவு பண்ணுங்க." இவ்வளவுதான் பேச்சு. கெஞ்ச வேண்டாம், நோயின் கதையைச் சொல்ல வேண்டாம்.

டாக்டரின் கடிதம் ஒரு பக்கம் போதும். என்ன இன்சுலின், அளவு நிலையாக இருக்கிறதா, கடந்த ஒரு வருடத்தில் அடுத்தவர் உதவி தேவைப்பட்ட லோ உண்டா, லோ ஆவது அவருக்குத் தெரிகிறதா, கண் பரிசோதனை எப்போது நடந்தது. இந்த ஐந்தும் இருந்தால் ஓனருக்கு வேறென்ன தெரிய வேண்டும்? பிறகு வருடத்துக்கு ஒருமுறை புதுக் கடிதம். நடுவில் இன்சுலின் மாறினாலோ, ஒருமுறை மயங்கினாலோ, அன்றைக்கே சொல்லிவிட வேண்டும்.

இந்தப் பக்கத்தை லாரி ஓனர்களும் டிராவல்ஸ் நடத்துகிறவர்களும் வாசிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். உங்களிடம் ஒன்று கேட்கிறேன். சொன்னவரை இறக்கிவிட்டால், உங்கள் மற்ற வண்டிகளில் எத்தனை பேர் சொல்லாமல் ஓட்டிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தீர்களா? சொன்னவர் மீட்டர் பார்த்து ஓட்டுகிறார். சொல்லாதவர் மீட்டரை வீட்டில் ஒளித்துவைத்துவிட்டு வருகிறார். உங்கள் வண்டி யார் கையில் பத்திரம்?

அவருக்குத் தேவைப்படுவது பெரிய சலுகையும் இல்லை. சாப்பாட்டு நேரம் தள்ளிப்போகாமல் லோடு ஏற்ற வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நிறுத்தம் என்று சேர்த்துத்தான் டெலிவரி நேரம் சொல்ல வேண்டும். லோ என்று போன் வந்தால் 'எப்ப வருவே?' என்று விரட்டக் கூடாது. ஒரு ஸ்ட்ரிப் 15, 20 ரூபாய் ஆகிறது. ஒரு டிரிப்புக்கு நான்கு என்றால் 80 ரூபாய்க்குள் முடிந்துவிடும். டீசல், டோல், பேட்டா எழுதும் அதே டிரிப் கணக்கில் இதற்கும் ஒரு வரி போட்டு, வண்டிச் செலவாகவே கொடுத்துவிடுங்கள். வீட்டுச் செலவில் கை வைக்க வேண்டியிருந்தால், அவர் முதலில் மிச்சம் பிடிப்பது அந்த நடுராத்திரி ஸ்ட்ரிப்பைத்தான்.

அன்புடன்,
ஆசிரியர்